பெட்டியைப் பகிர்வோம், சாவியைப் பகிர வேண்டாம்

ஊரிலுள்ள தந்தையார், "தம்பி, மின்கட்டணம் கட்ட முடியவில்லை" என்று அழைத்தால் நம்மில் பலர் செய்வதென்ன? கடவுச்சொல்லைச் செய்தியாக அனுப்பச் சொல்லி நாமே கட்டிவிடுகிறோம். அச்சொல் இரு கைபேசிகளிலும் கிடக்கிறது. அவரோ அதே சொல்லை வேறு நான்கு இடங்களிலும் வைத்திருப்பார். ஆகவே குடும்பத்துக்குக் கடவுச்சொல் பெட்டகம் ஒன்று தேவை என்பேன்.

எதைத் தேர்வது? 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் களவு போயின. கடவுச்சொற்கள் மறைகுறியில் இருந்தன. வலைத்தள முகவரிகளோ மறைக்கப்படாமல் இருந்தன. எனவே முகவரியையும் மறைக்கும் பெட்டகமே வேண்டும். பிட்வார்டன் அத்தகையது, இருவர் பகிர்ந்துகொள்ளக் கட்டணமும் இல்லை.

தந்தையாருக்கு உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தனிக் கணக்கும் தனிச் சாவிச்சொல்லும் வேண்டும். புத்தகமொன்றை ஐந்து இடங்களில் கண்மூடித் திறந்து, இடத்துக்கொரு சொல்லாக எடுத்துக் கோத்தால் போதும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பதானால் ஓர் எச்சரிக்கை: வாழையை இன்று vazhai என்றும் நாளை vaalai என்றும் அடித்தால் கதவு திறவாது. அடித்தபடியே தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். மறந்தால் அந்நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது. முதல் வாரத்தில் இருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் செய்து பாருங்கள்.

பின்னர் உங்கள் கணக்கில் குடும்பத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி அவரை அழையுங்கள். அவர் ஏற்றபின் நீங்கள் Confirm என்பதை அழுத்தினாலன்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பலர் தடுமாறும் இடம் இதுவே. மின்கட்டணம், எரிவாயு ஆகிய இரண்டை மட்டும் முதலில் பொதுவில் வையுங்கள். ஒருவர் கடவுச்சொல்லை மாற்றிப் பெட்டகத்தில் பதிந்தால், மற்றவருக்கும் புதியதே கிட்டும்.

முதியோருக்கு இதில் பெரும் பயன் ஒன்றுண்டு. பெட்டகம், பதிந்த முகவரியில்தான் கடவுச்சொல்லை எடுத்துத் தரும். போலித் தளத்தில் அது வாளாவிருக்கும். "தானாக வரவில்லையென்றால் கையால் அடிக்காதீர்கள், என்னை அழையுங்கள்" என்ற ஒரே விதியைச் சொல்லிவையுங்கள்.

வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் பொதுவில் வைக்கலாகாது. வைத்தாலும், ஒருமுறைக் குறியெண் அவர் கைபேசிக்கே வரும். அதைத் தொலைபேசியில் பிறருக்குச் சொல்லும் பழக்கத்தை அவருக்கு நாமே கற்பித்தவராவோம். மோசக்காரன் கேட்பதும் அதைத்தானே? வங்கியில் உதவ வேண்டுமாயின் கூட்டுக் கணக்கு இருக்கிறது. அங்கே உங்களுக்கென்று ஒரு தனிச் சாவி கிடைக்கும்.