ரிசர்வ் வங்கி கூட்டியது குறைவு, சந்தை விழுந்தது அதிகம்

2022 மே 4, புதன்கிழமை. ஹெப்பகோடியில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நண்பர் மறுநாள் பதறிப்போய் வந்தார். பொம்மசந்திரா ஆலையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டில் போட்டிருந்தார். "கவர்மென்ட் பத்திரம்தானே சார், அது எப்படி இறங்கும்?" என்றார்.

அன்று பிற்பகல் 2 மணிக்கு, முன்னறிவிப்பில்லாத கூட்டத்துக்குப் பின், ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தினார். வங்கிகளின் ரொக்க இருப்பு விகிதத்தையும் அரை சதவீதம் கூட்டினார். அடுத்த கூட்டம் ஜூனில்தான் என்று சந்தை நிம்மதியாக இருந்தது. சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதம் 7.12 சதவீதத்திலிருந்து 7.38க்கு ஏறியது. புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழைய பத்திரத்தை யார் பழைய விலைக்கு வாங்குவார்? இத்தகைய பத்திரத்தில் ஒரு சதவீத ஏற்றத்துக்கு விலை சுமார் 7 சதவீதம் இறங்கும். கால் சதவீதத்துக்குச் சற்று மேல் என்றால், நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 1 ரூபாய் 80 காசு நஷ்டம்.

ஜூன் 8 அன்று உயர்வு இன்னும் பெரிது: 0.50 சதவீதம். நண்பர் காலையிலேயே போன் செய்துவிட்டார். ஆனால் சென்செக்ஸ் இறங்கியது 214 புள்ளிகளே. பத்திர வருவாயும் 7.5 சதவீதத்தை ஒட்டியே நின்றது. காரணம், ஜூனில் வட்டி உயரும் என்பதைக் கவர்னரே மே மாதத் தொலைக்காட்சிப் பேட்டியில் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்த உயர்வை இரண்டு வாரமாகவே விலைகள் விழுங்கிவிட்டிருந்தன.

ஆகவே, "எவ்வளவு கூட்டினார்கள்?" என்று மட்டும் கேட்பது போதாது, எதிர்பார்த்ததற்கும் அறிவித்ததற்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு. முந்தைய நாள் மாலை பத்தாண்டுப் பத்திர வருவாய் எங்கே இருந்தது, சில வாரங்களில் எவ்வளவு ஏறியிருந்தது என்று பார்த்தால் ஓரளவு புரியும்.

இதற்கும் எல்லை உண்டு. அதே மே 4 இரவு அமெரிக்க மத்திய வங்கி 0.50 சதவீதம் உயர்த்தியது. முக்கால் சதவீத உயர்வை இப்போது யோசிக்கவில்லை என்று ஜெரோம் பவல் சொன்னதும், அஞ்சியிருந்த சந்தை மகிழ்ந்து டௌ ஜோன்ஸ் 900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாளே ஆயிரத்துக்கு மேல் விழுந்தது! முதல் நாள் ஆட்டத்தை வைத்து அடுத்த வாரத்தைச் சொல்ல முடியாது.

வீட்டுக் கடன் வாங்கிய நம்மவர்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. ரெப்போவோடு இணைந்த கடன் எதிர்பார்ப்பைப் பார்ப்பதில்லை. 20 லட்சம், 20 ஆண்டு, 6.9 சதவீதக் கடனில் அந்த இரு உயர்வுகளும் சேர்ந்தால் மாதத் தவணை சுமார் 1,100 ரூபாய் கூடும். தவணையை மாற்றாத வங்கி, கடன் ஆண்டுகளை நீட்டிவிடும். நண்பரின் மகன் அதைக் கவனித்தது அடுத்த வருடக் கணக்கு வந்தபோதுதான்.