"திருப்பி அடி" என்று சொல்லாதீர்



பாகான் டாலாமில் எனக்குத் தெரிந்த தந்தை ஒருவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியின் புதுமுக வகுப்பில் சேர்ந்தான். ஒருநாள் சட்டைப்பை கிழிந்த நிலையில் வீடு திரும்பியவன், ஓய்வு நேரத்தில் மூத்த மாணவர்கள் தன் பணத்தைப் பறிப்பதாகவும் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதாகவும் தயங்கித் தயங்கிக் கூறினான். தந்தைக்கு இரத்தம் கொதித்தது. "நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா? திருப்பி அடிக்கத் தெரியாதா?" என்று மகன் மீதே பாய்ந்தார். மறுநாள் காலை பள்ளி வாசலில் அந்த மாணவர்களில் ஒருவனின் சட்டையைப் பிடித்தார். மாலையில் அவர் மீதே காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருந்தது.

அதற்குப் பின் அந்தப் பையன் பகடிவதையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. சிக்கல் தீர்ந்தது என்று தந்தை நம்பினார். காலையில் வயிற்றுவலி, பையில் காணாமல் போகும் காசு, பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் வீடுவரை அடக்கிக்கொண்டு ஓடிவருதல் ஆகியவற்றை நான்கு மாதம் கழித்துத் தாய்தான் கவனித்தார்.

அந்தத் தந்தையின் பாசத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அன்றிரவு மகன் என்ன கற்றுக்கொண்டான் என்று சிந்தியுங்கள். பள்ளியில் ஒருமுறை அவமானப்பட்டவன், அதைச் சொன்னதற்காக வீட்டில் மறுமுறை அவமானப்பட்டான். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கே ஆபத்து வரும் என்றும் கண்டான். பிறகு எப்படிச் சொல்வான்?

இவ்வூரிலேயே நாம் ஒரு பெரும் பாடம் பெற்றோம். 2017 ஜூன் மாதம் பினாங்குத் தீவில் தாக்கப்பட்ட 18 வயது நவீன், ஜூன் 15ஆம் நாள் பினாங்கு மருத்துவமனையில் உயிர்நீத்தார். பள்ளிக் காலத்திலேயே அவர் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானவர் என்பதைச் செய்திகள் வழி அறிந்தோம். கேலி பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. அதை "விளையாட்டுதானே" என்று தள்ளுகின்ற ஆசிரியரும், "திருப்பி அடி" என்கின்ற பெற்றோரும் அப்பிள்ளையைத் தனியே விடுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

அப்படியானால் அந்த இரவில் என்ன செய்வது? கோபம் வந்தால் எழுந்து சென்று முகம் கழுவுங்கள். திரும்பி வந்து, "எனக்குக் கோபம்தான், அது உன்மேல் இல்லை. நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். "ஏன் சும்மா இருந்தாய்?" என்று கேட்காதீர், அது பிள்ளைக்குக் குற்றவிசாரணையாகவே ஒலிக்கும். என்ன நடந்தது, எங்கே, எப்பொழுது, யார் பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை உறங்கியபின் அவன் சொன்ன சொற்களிலேயே நாளிட்டு எழுதி வையுங்கள். காயம் இருந்தால் படமெடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பள்ளியில் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளை கெஞ்சும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்; அதைக் காப்பாற்ற இயலாது. "உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. ஆனால் உயிருக்கு மிரட்டல் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலோ ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனையை நாடுங்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணிலும் பேசலாம்.

மறுநாள் பள்ளிக்குக் கடிதத்தோடு செல்லுங்கள். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் நாளும் கேளுங்கள். வாய்ப்புகார் காற்றோடு போகும். கடிதத்தில் மூன்றே கோரிக்கைகள் போதும்: சம்பவம் நடக்கும் இடத்தை எந்த ஆசிரியர் கண்காணிப்பார்? இரு தரப்பையும் தனித்தனியே விசாரிப்பார்களா? எந்த நாளில் பதில் தருவார்கள்? அந்த நாளில் பதில் வராவிட்டால் அதே படியோடு மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கும், கல்வியமைச்சின் பகடிவதைப் புகார் அகப்பக்கத்திற்கும் செல்லலாம்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் ஒன்று. அடித்தவனையும் அடிபட்டவனையும் கட்டொழுங்கு அறையில் நிற்கவைத்து, கைகுலுக்கச் சொல்லி அனுப்பும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். நம் கோப்பில் அது சமாதானம். அடிபட்டவனுக்கோ, பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் பழிவாங்கல்.

துறைமுகத் தந்தை பின்னர் மகனிடம் மன்னிப்புக் கேட்டார். மகன் உடனே பேசிவிடவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தந்தை ஒன்றும் துருவிக் கேட்காமல் நாள்தோறும் மாலையில் பள்ளி வாசலில் நின்றார். இம்முறை யார் சட்டையையும் பிடிக்கவில்லை. மகனின் புத்தகப்பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.