திருப்பதிச் செவிலியரும் வக்ஃப் வாரிய உறுப்பினரும்

2025 பிப்ரவரியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் ஊழியர் 18 பேர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. இந்து சமய நெறியைப் பின்பற்றுவதாக உறுதிமொழி அளித்துப் பணியில் சேர்ந்தவர்கள் பிற மத வழிபாட்டில் ஈடுபட்டனர் என்பது குற்றச்சாட்டு. பட்டியலில் ஆசிரியர்களும் செவிலியர்களும் இருந்ததாகச் செய்திகள் கூறின. இதை வரவேற்றவர்கள் "கோயிலில் இந்துக்கள்தாமே பணியாற்ற வேண்டும்" என்றார்கள். எதிர்த்தவர்கள் "மதச்சார்பற்ற நாட்டில் இது எப்படி முடியும்" என்றார்கள். இரு தரப்பாருமே அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவை இறுதிவரை படிக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசுப் பணியில் மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. ஐந்தாம் உட்பிரிவு அதற்கு ஒரு விலக்கு தருகிறது: மத நிறுவனம் ஒன்றன் நடவடிக்கைகள் தொடர்பான பதவியை வகிப்பவரோ, அதன் ஆட்சிக்குழு உறுப்பினரோ குறிப்பிட்ட மதத்தைச் சார்ந்தவராக இருக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கலாம். எனவே "முடியாது" என்போர் தவறுகிறார்கள். ஆனால் விலக்கின் எல்லை, மத நிறுவனத்தின் நடவடிக்கைகள் தொடர்பான பதவி என்பதோடு நின்றுவிடுகிறது. தேவஸ்தானத்தின் எலும்பு மருத்துவமனையில் கட்டு மாற்றும் செவிலியர் அத்தகைய பதவியில் இருக்கிறாரா? அதன் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் விரிவுரையாளர்? வழக்கின் உயிர் இக்கேள்வியில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை யாரும் கேட்பதில்லை போலும்.

பிற நாடுகள் இதே கேள்வியை எப்படி எதிர்கொண்டன என்று பார்ப்போம். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் மார்மன் திருச்சபை ஓர் உடற்பயிற்சிக்கூடம் நடத்திவந்தது. அதன் கட்டடப் பராமரிப்புப் பொறியாளர், திருச்சபை உறுப்பினருக்குரிய தகுதிச் சான்றைப் பெறவில்லை என்பதற்காக நீக்கப்பட்டார். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கத்தை ஏற்றது. எந்த வேலை மதத்தைச் சார்ந்தது, எது சாராதது என்று ஒரு திருச்சபைக்குள் புகுந்து பிரித்துக் காட்டுவது அரசின் வேலையன்று என்பது அத்தீர்ப்பின் உள்ளோட்டம். கடுமையான தீர்ப்புதான். ஆயினும் அதற்கு ஓர் அடித்தளம் உண்டு: திருச்சபை அரசு அன்று, அதன் தலைவரை ஆளுநர் நியமிப்பதில்லை.

ஜெர்மனியில் அரசும் திருச்சபைகளும் ஒத்துழைக்கும் முறை நிலவுகிறது. டுசல்டோர்ஃப் நகரில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனை, மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்த தன் தலைமை மருத்துவரை 2009இல் நீக்கியது. அதே பொறுப்பிலிருந்த கத்தோலிக்கர் அல்லாத மருத்துவர்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018இல் ஓர் அளவுகோலை வகுத்தது: மதம் சார்ந்த தகுதி, செய்யப்படும் பணியின் இயல்பிலிருந்தே எழ வேண்டும். மறு ஆண்டு ஜெர்மானிய நீதிமன்றமும் மருத்துவர் பக்கமே தீர்ப்பளித்தது. பிரான்சிலோ இக்கேள்வியே எழ முடியாது. 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி நோத்ர தாம் பேராலயக் கட்டடம் அரசுடையது. உள்ளே நடக்கும் வழிபாட்டை நடத்துவதும் அதற்கு ஆள் அமர்த்துவதும் அரசின் பொறுப்பன்று.

இந்த மூன்று முறைகளில் எதனோடும் தேவஸ்தானம் பொருந்தாது. அறங்காவலர் குழுவை அமைப்பது மாநில அரசு. ஆட்சி மாறினால் குழுவும் மாறும். செயல் அலுவலராக அமர்வது பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அமெரிக்கத் திருச்சபைக்குரிய தன்னுரிமையைத் தேவஸ்தானம் கோருகிறது. கோருவதோ அரசின் கையால். தனியாருக்குரிய விருப்புரிமையும் அரசுக்குரிய அதிகாரமும் ஒரே இடத்தில் சேரும்போது நடுவில் நசுங்குவது அந்தச் செவிலியர்தான்.

"எங்களுடையது மேலை நாட்டுப் பிரிவினை அன்று, சர்வ தர்ம சமபாவம், எல்லா மதங்களுக்கும் சம மதிப்பு" என்ற விடை உடனே வரும். நல்லது, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி நடவடிக்கைக்கு இரண்டே மாதங்களில், 2025 ஏப்ரலில், நாடாளுமன்றம் வக்ஃப் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில வக்ஃப் வாரியங்களில் முஸ்லிம் அல்லாதோரையும் உறுப்பினராக்க அது வழிசெய்தது. வாரியத்தின் பணி சொத்து நிர்வாகம், அது மதம் சாராப் பணி என்பது ஒன்றிய அரசு முன்வைத்த நியாயம். அந்த மசோதாவை ஆதரித்து வாக்களித்த கட்சிகளுள் ஆந்திரத்தை ஆளும் தெலுங்கு தேசமும் ஒன்று. இந்து அறநிலைய வாரியங்களில் முஸ்லிம்களை அனுமதிப்பீர்களா என்று அன்றைய தலைமை நீதிபதி விசாரணையின்போதே கேட்டார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையால் அவர்கள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இட்டது. கொள்கையளவில் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆக, வக்ஃப் சொத்துகளின் கொள்கையை முடிவு செய்யும் வாரிய உறுப்பினர் பதவி மதம் சாராதது. திருப்பதியில் நாடித்துடிப்பு பார்ப்பவரின் பதவி மதம் சார்ந்தது! 16(5) ஆட்சிக்குழு உறுப்பினரைப் பெயர் சுட்டிச் சொல்கிறது, செவிலியரைச் சொல்லவில்லை. சம மதிப்பு என்பது ஒரே தராசில் இரு பொருளை நிறுப்பது. இங்கே பொருளுக்கொரு தராசு இருக்கிறது.

இதில் இன்னொரு முரண் தேவஸ்தானத்தின் சொந்த வரலாற்றிலேயே உள்ளது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமய நடைமுறையையும் அதைச் சுற்றிய நிர்வாகத்தையும் வேறுபடுத்தியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகரை நியமிக்கும் செயல் மதம் சாராத செயல் என்றது. ஆந்திரத்தின் 1987ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்தபோது, 1996இல் நாராயண தீட்சிதலு வழக்கில் அதே தர்க்கத்தைக் கொண்டே அதை ஏற்றது. திருமலையின் மிராசுக் குடும்பங்கள் அவ்வழியில்தான் தம் உரிமையை இழந்தன. பரம்பரை உரிமையைப் பறிக்க வேண்டியபோது அர்ச்சகர் நியமனமே மதம் சாராததாயிற்று. ஊழியரை விலக்க வேண்டியபோது மருத்துவமனைப் பணியும் மதம் சார்ந்ததாகிறது. அர்ச்சகர் இந்துவாக இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கருவறைக்கும் எலும்பு மருத்துவமனைக்கும் இடையே எங்கோ ஒரு கோடு இருந்தாக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"அப்படியானால் அரசு வெளியேறட்டும்" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல். அது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. 1801 முதல் கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, கிறித்தவ அரசு இந்துக் கோயிலை நடத்தலாமா என்ற கண்டனத்துக்கு அஞ்சி 1843இல் அதை ஹாதிராம்ஜி மடத்து மகந்துவிடம் ஒப்படைத்து விலகியது. தூய பிரிவினைதான். அடுத்த 90 ஆண்டுகள் மகந்துகளின் கணக்கு வழக்குகள் நீதிமன்றங்களில் அலைந்தன. நிர்வாகத் திட்டம் பற்றிய ஒரு வழக்கு 1907இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1933இல் சென்னை மாகாணம் தனிச் சட்டத்தால் மகந்து ஆட்சியை முடித்தது அந்த அனுபவத்தின் பின்னணியில்தான். கேட்பாரற்ற உண்டியலை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு விடை சொல்லாமல் "விடுதலை" கேட்பது எனக்கு விளங்கவில்லை.

அரசு விலக வேண்டும் என்று நான் கோரவில்லை. பணிவிதிகளைப் பதவிவாரியாக எழுதட்டும் என்கிறேன். கருவறை, மடைப்பள்ளி, பாராயணம், உற்சவம் ஆகியவற்றோடு தொடர்புடைய பதவிகளை ஒரு பட்டியலில் இட்டு, அவற்றுக்கு மட்டும் 16(5)இன் விலக்கைப் பொருத்தட்டும். மருத்துவமனை, கல்லூரி, குடிநீர், மின்சாரப் பிரிவுகள் 16(2)இன் கீழ் இருக்கட்டும். ஐயத்துக்குரிய பதவிகள் இருக்கும். அவற்றுக்கு டுசல்டோர்ஃப் அளவுகோல் உதவும். அடுத்த முறை ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கும்போது, அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்பதை விசாரிக்கும் முன், அவர் வகிக்கும் பதவி எந்தப் பட்டியலில் உள்ளது என்பதைத் தேவஸ்தானம் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.