காகிதத்துக்கு வெளியே போன தொலைபேசி எண்

போன பொங்கலுக்கு முன்னால், இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பட்டியல் போட்டோம். வரிசை எண், பெயர், வீட்டு எண், மின்னஞ்சல், கடைசியாக ஊரில் இருக்கும் உறவினரின் தொலைபேசி எண். அவசரத்துக்கு உதவும் என்று நாற்பது பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று.

ஒரு நாள் ராத்திரி ஒரு நண்பரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. மதுரையில் இருக்கும் அவர் அண்ணனைக் கூப்பிடலாம் என்று தாளை எடுத்தால், மின்னஞ்சலோடு பட்டியல் முடிந்துவிட்டது. கடைசிக் கட்டம் காகிதத்துக்கு வெளியே போயிருந்தது! நாற்பது பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

நடந்தது இதுதான். எக்செல்லில் இருந்த பட்டியலை அப்படியே வேர்டில் ஒட்டியிருந்தார்கள். எக்செல் கட்டங்களின் அகலமும் கூடவே வந்துவிட்டது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். இரண்டு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் போனால் எழுத மிஞ்சுவது 15.92 செ.மீ.தான். மிச்சம் வலது பக்கம் வழிந்துவிடும். திரையிலும் அது கண்ணில் படாது. View-இல் Web Layout போட்டுப் பார்த்தால் மறைந்த கட்டம் தெரியும்.

உடனே எல்லோரும் அமுக்குவது Layout-இல் இருக்கும் AutoFit Contents. இந்த இடத்தில் அது சரிப்படாது என்பது என் கட்சி. அது உள்ளே இருக்கும் எழுத்துக்குத் தகுந்தபடி கட்டத்தை நீட்டும். மின்னஞ்சல் முகவரியில் இடைவெளி கிடையாதே, மடக்க முடியாமல் கட்டம் அகன்றுகொண்டே போகும். AutoFit Window மொத்த அட்டவணையையும் ஓரங்களுக்குள் கொண்டுவந்துவிடும், வாஸ்தவம். ஆனால் உள்ளே பங்கீடு இன்னும் தானியங்கிதான். நாளைக்கு யாராவது நீளமான முகவரி ஒன்றைச் சேர்த்தால் பக்கத்துக் கட்டம் நசுங்கும்.

அதனால் முதலில் AutoFit Window, அதன் பிறகு Fixed Column Width. பிறகு Table Properties-இல் Column பக்கம் போய் அகலத்தை நாமே கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது: வரிசை எண் 1.2, பெயர் 4, வீட்டு எண் 1.8, மின்னஞ்சல் 5, தொலைபேசி 3.9. கூட்டினால் 15.9 செ.மீ. இனி நீள முகவரி வந்தால் அதே கட்டத்துக்குள் அடுத்த வரிக்கு உடைந்து இறங்கும், பக்கத்து வீட்டுக்குள் நுழையாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டம் ரொம்பக் குறுகினால் தொலைபேசி எண்ணே இரண்டு வரியாக உடையும். பாதி ராத்திரியில் அதைப் பார்த்துத் தப்பாகத்தான் அழுத்துவோம். எனவே எண்ணுக்குத் தாராளமாக இடம் விட்டு, மின்னஞ்சலை உடைய விடுங்கள்.

ஒருவர் மட்டும் பார்க்கும் சின்ன அட்டவணைக்கு ஆட்டோஃபிட் போதும். பலர் கை பட்டு வளரும் பட்டியலுக்கு நிலையான அகலம்தான் சரி. உங்கள் சங்கப் பட்டியலை இன்றைக்கே ஒருமுறை எடுத்து, கடைசிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்களேன்.