கைப்பக்குவமா, கணக்கா?



போன வாரம் என் அக்கா மகள் போன் செய்து அழுதாள். மகனின் பிறந்தநாளுக்கு அவள் அம்மா செய்கிற ஏழு கப் கேக்கைச் செய்து பார்த்திருக்கிறாள். அக்கா போன பிறகு அவள் அதைச் செய்வது இதுதான் முதல் தடவை. வந்தது மாவு வாசனையோடு வறண்டுபோய் உதிர்ந்த ஒரு கட்டி. "அம்மா கைப்பக்குவம் எனக்கு வரவே வராது சித்தி" என்றாள்.

அக்கா கைப்பட எழுதிய சீட்டின் போட்டோவை அனுப்பச் சொன்னேன். கடலை மாவு, தேங்காய்த் துருவல், பால், நெய் எல்லாம் ஒவ்வொரு கப். சர்க்கரைக்கு எதிரே உள்ள எண் வெளிச்சம் பட்டு 2 போலவும் தெரிகிறது, 3 போலவும் தெரிகிறது. பலகாரத்தின் பெயரே ஏழு கப் என்பதால் அது 3 என்று முடிவு செய்தோம். அடியில் "36 துண்டு" என்று எழுதியிருக்கிறது.

இவளுக்கு வேண்டியது 24 துண்டு. 36-இல் 24 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். தவறு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. ஒரு கப் 240 என்று எங்கோ படித்து, அதைக் கிராம் என்று எடுத்துக்கொண்டாள். அது மில்லி லிட்டர். கப் இடத்தை அளக்கிறது, தராசு எடையை அளக்கிறது. ஒரே கப்பில் பஞ்சும் பிடிக்கும், மணலும் பிடிக்கும். எடை ஒன்றாகவா இருக்கும்?

என்னிடம் உள்ள 240 மி.லி. கப்பை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். சலித்து, அழுத்தாமல் நிரப்பிய கடலை மாவு 100 கிராம். தேங்காய்த் துருவல் 80. சர்க்கரை 200. உருக்கிய நெய் 220. பால் 245. மாவை அழுத்தி நிரப்பினால் 20 கிராமுக்கு மேல் கூடிவிடுகிறது.

இப்போது 24 துண்டுக்குக் கணக்குப் போடுங்கள். மாவு 67 கிராம், தேங்காய் 53, சர்க்கரை 400, நெய் 147, பால் 163. அவள் போட்டதோ சர்க்கரை 480, மற்றது ஒவ்வொன்றும் 160. பாலும் நெய்யும் ஏறக்குறைய சரி. ஆனால் மாவு இரண்டு மடங்குக்கு மேல், தேங்காய் மூன்று மடங்கு. மாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டிய நெய், மாவுக்குச் சமமாகிப்போனது. அத்தனையையும் மாவு குடித்துவிட்டால் பலகாரம் எப்படி இளகும்? கிளறும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். முடிகிற நேரத்தில் ஓரத்தில் நுரை கட்டி, நெய் கசிந்து, கலவை சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும். நெய்யே தலைகாட்டாமல் சீக்கிரமே இறுகினால் மாவு அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. அவள் கிராமுக்குப் போகாமல், வீட்டில் இருந்த ஏதோ ஒரு டம்ளரால் ஏழு தடவை அளந்து போட்டிருந்தால்கூடப் பலகாரம் சரியாக வந்திருக்கும். துண்டுகளின் எண்ணிக்கைதான் மாறியிருக்கும். எட்டாம் வகுப்பில் நான் கத்திக் கத்திச் சொன்ன விகிதம் இதுதான். ஆனால் மூன்றில் இரண்டு கப் மாவைக் கண்ணால் அளப்பது சிரமம். அதற்குத்தான் தராசு வேண்டும்.

எண்ணிக்கையோடு சேர்த்துப் பெருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அது நேரம். சீட்டில் 25 நிமிடம் என்று இருந்தால், 24 துண்டுக்கு அதற்கு முன்பே பதம் வந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் சட்டியைப் பாருங்கள். ஊற்றும்போதும் அதே தட்டில் மூன்றில் இரண்டு பாகத்துக்கு மட்டும் பரப்புங்கள். முழுத் தட்டுக்கும் இழுத்தால் துண்டு மெலிந்துபோகும்.

பலகாரம் வராதபோதெல்லாம் கைப்பக்குவத்தின் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே, அம்மாவோடு அந்தப் பலகாரமும் போய்விட்டது என்று பிள்ளைகளை நம்ப வைக்கிறோம். பக்குவம் என்பது உண்மைதான், ஆனால் அது கடைசி ஐந்து நிமிடக் கிளறலில் இருக்கிறது. மற்றதெல்லாம் கணக்கு, அதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் எழுதிய சீட்டு இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். அவர்கள் அளக்கும் டம்ளரில் ஒவ்வொரு பொருளையும் நிரப்பி, ஒருமுறை நிறுத்துக் கிராமை எழுதி வையுங்கள். ஊற்றுகிற தட்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். அக்காவின் கப் எது என்று கேட்க எங்களுக்கு இப்போது ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி செய்தாள். ஓரத்தில் நெய் கசிகிறது என்று வீடியோ காலில் காட்டினாள். இந்தத் தடவையும் அழுதாள், ஆனால் சிரித்துக்கொண்டே.

உங்கள் கணக்கு டீச்சர்