வாடகையை யாரிடம் கொடுப்பது?

பெரகல சந்தியில் வாடகைக்குக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: “கடைக்காரர் ஐயா காலமாகிவிட்டார். மூத்த மகன் வாடகை கேட்கிறார். கொடுக்கலாமா?”

சொந்தக்காரர் இறந்தாலும் வாடகை ஒப்பந்தம் முடிவதில்லை. உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் போகிறது. ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் தம் பங்கை மீண்டும் கேட்கலாம். கொடுக்காவிட்டால் நிலுவை என்று வழக்கு வரலாம். ஆகவே ஒவ்வொரு வாரிசுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்:

“தந்தையாரின் மறைவுக்கு அனுதாபங்கள். சென்ற மாதம் வரை வாடகை செலுத்தியுள்ளேன், பற்றுச்சீட்டுகள் உண்டு. இம்மாத வாடகை தயாராக உள்ளது. யாரிடம், எந்தக் கணக்கில் செலுத்துவதென எல்லோரும் கையொப்பமிட்டு அறிவியுங்கள்.”

கடிதப் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வரும்வரை வாடகையை மாதாமாதம் தனியே வங்கியில் போடுங்கள். நீதிமன்றம் நிர்வாகியை நியமித்திருந்தால், அவரிடமே கொடுங்கள்.