தோள் தாங்குமா?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, கையைத் தரைக்கு இணையாக நேரே நீட்டிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் கெஞ்சுவது விரல்கள் அல்ல, தோள்பட்டை.

புனேயில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நண்பரின் மகள் ஒரு ரோபாட் கை செய்திருந்தாள். நீளம் 60 செ.மீ., தூக்க வேண்டிய எடை 1 கிலோ. எடையைப் புவியீர்ப்பாலும் நீளத்தாலும் பெருக்கினாள்: 1 × 9.81 × 0.6. தோளுக்குத் தேவையான முறுக்கு விசை சுமார் 6 நியூட்டன் மீட்டர் என்று வந்தது. தாராளமாக 8 தரும் மோட்டாரை வாங்கினாள். கையை மடக்கி வைத்தவரை பிரச்சினை இல்லை. நீட்டியதும் மோட்டார் முனகியது, சுட்டது. கை மெல்லத் தொங்கிவிட்டது.

அவள் மறந்தது கையின் சொந்த எடையை. ஒவ்வொரு பாகத்தின் எடையையும், அதன் ஈர்ப்பு மையம் தோளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதால் பெருக்க வேண்டும். நுனியில் சுமையும் பிடிப்பானும் சேர்ந்து 1.3 கிலோ, 60 செ.மீ. முழங்கை மோட்டார் 0.6 கிலோ, 30 செ.மீ. மேல்கை 0.8 கிலோ, 15 செ.மீ. முன்கை 0.4 கிலோ, 45 செ.மீ. எல்லாம் கூட்டி 9.81-ஆல் பெருக்கினால் 12.4. கை படுக்கைவாட்டில் நீண்டிருக்கும் நிலைக்கான கணக்கு இது. அதுவே மிக மோசமான நிலை. செங்குத்தாகத் தொங்கும்போது பூஜ்யம்.

இது அசையாமல் நிற்பதற்கு மட்டும். அரை நொடியில் நிமிடத்துக்கு 15 சுற்று என்ற வேகத்தை எட்ட இன்னும் 2 தேவை. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 22.

இனி கியர்பாக்ஸ். 3,000 சுற்று மோட்டாரை 15 ஆக்க விகிதம் 200. பல்சக்கரங்கள் உராய்வில் தின்றது போக 70 சதவீதம் மிஞ்சும் என்று கொண்டால், மோட்டார் தர வேண்டியது 22 ÷ (200 × 0.7), அதாவது 0.16 நியூட்டன் மீட்டர். ஏறத்தாழ 50 வாட். 60 வாட் மோட்டார் போதும்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது, மோட்டார் சுழல முடியாமல் நின்றுபோகும் தருணத்து விசை. நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய விசை. கியர்பாக்ஸின் பற்கள் 22-ஐத் தாங்குமா என்பதையும் தனியாகப் பாருங்கள். மின்சாரம் போனால் கை கீழே விழாமலிருக்க ஒரு பிரேக்கும் வேண்டும்.

அவள் முதலில் செய்தது இன்னும் மலிவான வேலை. முழங்கை மோட்டாரைத் தோளருகே நகர்த்தி, பெல்ட்டால் இணைத்தாள். 12.4-இல் கிட்டத்தட்ட 1.8 காசு செலவில்லாமல் குறைந்தது. பெரிய மோட்டார் தேடும் முன், எடையைத் தோள் பக்கம் தள்ளுங்கள்.